அம்மோனியா ஆலைக்குள் அளவெடுக்கப் போகிறவர் எழுதவேண்டிய கடிதம்

அம்பத்தூரில் மெக்கானிக்கல் சீல் செய்யும் சிறு பட்டறைக்காரர் ஒருவர் கேட்கிறார்: "எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அம்மோனியா பம்பின் சீல் அடிக்கடி கசிகிறது. அளவெடுத்தால்தான் புதிது செய்ய முடியும். 'பம்பைப் பார்வையிட இருவர் வர அனுமதி தாருங்கள்' என்று பர்ச்சேஸ் பிரிவுக்கு எழுதினேன். பதிலே இல்லை."

உங்கள் கடிதத்தை பர்ச்சேஸ் பிரிவு ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுத்ததாக அதைப் படிப்பவர் பாதுகாப்பு அதிகாரி. வருகிறவர்கள் பம்பைக் கண்ணால் பார்ப்பார்களா, கையால் தொடுவார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

சீலுக்கு என்ன அளவு வேண்டும் என்று யோசியுங்கள். ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் அறையின் விட்டம், ஆழம். பம்பைக் கழற்றாமல் இவற்றில் ஒன்றைக்கூடச் சரியாக எடுக்க முடியாது. கழற்றுவதென்றால் வால்வுகளை மூடிப் பூட்டி, உள்ளே இருக்கும் அம்மோனியாவை வடித்து, அழுத்தத்தை இறக்க வேண்டும். அதற்கு வொர்க் பர்மிட் தேவை. பார்வையாளர் பாஸில் அந்த வேலை நடக்காது.

எண்ணூரில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, அங்குள்ள உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே தூங்கியவர்களுக்கே அந்த நிலை என்றால், பம்புக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் உங்கள் ஆளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வேறு வழி கேளுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் ஓடும் பம்போடு ஒரு ஸ்டாண்ட்பை பம்பும் இருக்கும். அதை ஆலையின் மெயின்டனன்ஸ் ஆட்களே கழற்றிச் சுத்தம் செய்து பணிமனைக்குக் கொண்டுவரும் நாளில் நீங்கள் போகலாம். கடிதத்தை இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் அம்மோனியா பம்பின் மெக்கானிக்கல் சீலுக்கு அளவெடுக்க வேண்டியுள்ளது. ஸ்டாண்ட்பை பம்பைத் தங்கள் ஊழியர்கள் கழற்றிப் பணிமனைக்குக் கொண்டுவந்தபின் அங்கேயே அளவெடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஆட்கள் எந்த போல்ட்டையும் கழற்ற மாட்டார்கள். ஓடும் பம்பின் அருகே செல்ல மாட்டார்கள். வருபவர்கள் இருவர்: ஒரு டிசைனர், ஒரு ஃபிட்டர். பெயர்களும் அடையாள அட்டை நகல்களும் இணைப்பில். பாதுகாப்பு விளக்கத்துக்கு அரை மணி, அளவெடுக்க ஒன்றரை மணி தேவைப்படும். காலை 10 முதல் 12 வரை அனுமதி கோருகிறோம். கொண்டுவருபவை: வெர்னியர், மைக்ரோமீட்டர், டேப். கேமரா இல்லை, செல்போன்களை கேட்டில் ஒப்படைத்துவிடுவோம். ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, கண்ணாடி எங்களுடையவை. அம்மோனியாவுக்கான தப்பிப்பு முகமூடி இரண்டு தங்களிடமிருந்து தேவை."

நேரத்தைக் காலை 10 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஷிப்ட் ஆலைகளில் பொதுவாக 2 மணிக்கு ஷிப்ட் மாறும். அந்தச் சமயம் உங்களுக்குத் துணையாக அனுப்ப ஆள் கிடைப்பது கடினம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் தாமதமும் ஆகும்; காலையில் வைத்தால் அப்போதும் 2 மணிக்கு முன் முடிக்க இடமிருக்கும். தாமதமானால் வழியிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

"தேவையான பாதுகாப்பு ஏற்பாடு செய்து தரவும்" என்று மட்டும் எழுதுவது போதாது; உங்கள் பக்கம் செய்யவேண்டியதும் உண்டு. முகமூடி தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் வாயு உள்ளே புகாது. தாடி இருந்தால் இடைவெளி விழும். அனுப்பும் ஃபிட்டருக்குத் தாடி இருந்தால் மழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். விருப்பமில்லையென்றால் வேறொருவரை அனுப்புங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

உள்ளே போனதும் காற்றுத்திசை காட்டும் பை எங்கே பறக்கிறது, கூடுமிடம் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வாயு கசிந்தால் காற்று அடிக்கும் திசையிலேயே ஓடுபவர் வாயுவோடு சேர்ந்தே ஓடுகிறார். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும்.

கடிதத்தில் கொடுத்த பெயர்களில் கடைசி நேரத்தில் ஆளை மாற்றாதீர்கள். மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். சைரன் ஒலித்தால் கூடுமிடத்தில் கேட் பதிவேட்டை வைத்துத்தான் தலை எண்ணுவார்கள். உங்கள் ஆள் வேலை முடிந்து கையெழுத்துப் போடாமல் கிளம்பியிருந்தால், அவர் உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைத்து மீட்புக் குழு வாயுவுக்குள் இறங்கும். திரும்பும்போது பாஸைக் கொடுத்து, வெளியேறிய நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே வண்டியில் ஏற வேண்டும் என்று இருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.