உறங்கும் செயலிகள்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு முதல் மலேசியர்களின் திறன்பேசிகளில் மைசெஜாத்ரா செயலி இடம்பெற்றது. ஜொகூர் பாருவில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைவதற்குக்கூட, வாசலில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை அதன்வழி வருட வேண்டியிருந்தது. அதற்காகக் கேமராவைப் பயன்படுத்த அனுமதித்தோம். சுற்றுப்புறத்தில் தொற்று உள்ளதா என்று பார்க்க, இருப்பிடத்தை அறியவும் அனுமதித்தோம். 2022 மே 1 முதல் கடைகளில் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றானது. அதன்பின் பலர் அச்செயலியை அன்றாடம் திறக்கவில்லை. கொடுத்த அனுமதிகள் என்ன ஆயின?

ஒரு செயலியைத் திறக்காமல் விட்டுவிட்டால், அதற்களித்த அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும் என்று நினைக்கலாம். முன்பு அப்படி இல்லை. நாமே நீக்கும்வரை அனுமதி நீடித்தது. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி பெற்ற ஒரு விளையாட்டுச் செயலி, பின்னாளில் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறினாலும் அந்த அனுமதி அப்படியே இருக்கும்.

இக்குறையைக் களைய, 2020இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11 ஒரு வழி செய்தது. சில மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளை அது தானாகவே நீக்கியது. மறு ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 12, அத்தகைய செயலியை உறக்க நிலைக்கும் அனுப்பியது. உறங்கும் செயலி பின்னணியில் இயங்காது, அறிவிப்புகளையும் அனுப்பாது. அதன் தற்காலிகக் கோப்புகள் அழிக்கப்படுவதால் சிறிது சேமிப்பிடம் கிடைக்கும். ஆயினும், செயலியும் அதில் நாம் சேமித்த தகவல்களும் அழிவதில்லை. அதிக இடம் வேண்டுமென்றால் செயலியையே நீக்க வேண்டும்.

உறங்கும் செயலியைத் திறந்தால் அது விழித்துக்கொள்ளும். ஆனால், பழைய அனுமதிகள் தாமாகத் திரும்பி வருவதில்லை. மைசெஜாத்ராவில் மீண்டும் ஒரு குறியீட்டை வருட முயன்றால், கேமராவுக்கான அனுமதியை அது புதிதாகக் கேட்கும். அக்கேள்வியே அனுமதி முன்பு நீக்கப்பட்டதற்கு அடையாளம்.

இவ்வசதியைச் சரிபார்க்க, Settings பகுதியில் Apps என்பதைத் திறந்து, வேண்டிய செயலியைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே Pause app activity if unused அல்லது Manage app if unused என்ற விசை இருக்கும். திறன்பேசியின் வகைக்கேற்ப இப்பெயர் சற்று மாறலாம்.

எல்லாச் செயலிகளையும் உறங்க விடுவது நன்றன்று. தாத்தாவின் திறன்பேசியில் மருந்து வேளையை நினைவூட்டும் செயலி இருப்பதாகக் கொள்வோம். அவர் அதைத் திறப்பதே இல்லை. மணி ஒலித்ததும் அறிவிப்பைத் தள்ளிவிட்டு மருந்தை உட்கொள்கிறார். அறிவிப்பைத் தள்ளிவிடுவது பயன்பாடாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே, சில மாதங்களில் அச்செயலி உறங்கிவிடலாம், நினைவூட்டலும் நின்றுவிடலாம். இத்தகைய செயலிக்கு மட்டும் அவ்விசையை அணைத்துவிட வேண்டும்.

மேலும், அனுமதி நீக்கப்படுவதற்கு முன்னரே நிறுவனத்தின் கணினிக்குச் சென்றுவிட்ட தகவலை இவ்வசதி மீட்டுத் தராது. அதை அழிக்க விரும்புவோர், அச்செயலியில் உள்ள தங்கள் கணக்கை நீக்கும்படி கோர வேண்டும்.