குருகு கண்டது என்ன?
கவிதை வினாக்களுக்கு விடை காணும் முறை

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புத் தேர்வில் ஐந்தடிப் பாட்டு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, அதன் கீழே மூன்று வினாக்களைக் கேட்டிருந்தனர். பாட்டின் மையக்கருத்து யாது? அதில் அமைந்த படிமத்தை விளக்குக. பேசுவோரின் மனநிலையைப் புலப்படுத்துக. வினா ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண். பாட்டு, குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, பாடியவர் கபிலர்.

நான் முதல் வினாவிற்கு, "பொய் சொல்லுதல் ஆகாது என்பதே மையக்கருத்து" என்று எழுதினேன். இரண்டாம் வினாவிற்கு, "குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமையாக வந்துள்ளது, எனவே இது உவமையணி" என்று எழுதினேன். மூன்றாவதற்கு, "கபிலர் மிகவும் வருந்துகிறார்" என்று எழுதி, அழகாக அடிக்கோடும் இட்டேன். பதினைந்துக்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "பேசுவது யார்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பாட்டை மீண்டும் படித்தபோது மூன்று விடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. நான் தவறிய வழியையும், பின்னர்க் கண்ட வழியையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டின் செய்தி

முதலில் பாட்டின் பொருளை உரைநடையில் காண்போம். "அன்று அங்கே வேறு எவரும் இல்லை, அந்தக் கள்வன் ஒருவனே இருந்தான். அவனே அதனைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய அந்த நாளில், ஓடுகின்ற நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து, தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்களையுடைய குருகும் இருந்தது." இவ்வளவுதான் பாட்டு.

பேசுவது யார்?

பாடியவர் வேறு, பாட்டில் பேசுபவர் வேறு. இதனை மறந்ததுதான் என்னுடைய முதற்பிழை. கபிலர் ஓர் ஆண், பாரியின் நண்பர், பெரும்புலவர். ஆனால் இப்பாட்டில் பேசுவதோ ஓர் இளம்பெண். நம் முன்னோர் இதனைக் 'கூற்று' என்று பெயரிட்டு, ஒவ்வொரு பாட்டின் அடியிலும் குறித்து வைத்தனர். தலைவன் திருமணத்தைக் காலம் நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது என்பது இப்பாட்டின் கூற்று.

தேர்வில் இக்குறிப்பைத் தராமல் விட்டால் என்ன செய்வது? பாட்டே அதனைச் சொல்லும். "நான் என்ன செய்வேன்" என்பதால் பேசுபவர் பாட்டினுள்ளேயே இருக்கிறார். தலைவனை 'அவன்' என்று படர்க்கையில் வைத்துப் பேசுவதால், கேட்பவர் தலைவன் அல்லர். கூடிய நாளைப் பற்றியே வாய்விட்டுப் பேசுவதால், கேட்பவர் தாயாகவும் இருக்க முடியாது; மனம் திறந்து பேசத்தக்க ஒருத்தி, அதாவது தோழி. யார், யாரிடம், எந்த நிலையில் என்ற மூன்றையும் விடைத்தாளின் ஓரத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் மனநிலை பற்றி ஒரு வரியும் எழுதலாகாது.

மனநிலை

மனநிலை என்றதும் 'வருத்தம்', 'மகிழ்ச்சி' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவது நம் வழக்கம். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னார். அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எழுதுவது விடையின் தொடக்கமே ஆகும். அந்த மெய்ப்பாடு பாட்டின் எந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது என்று காட்டும்போதுதான் விடை நிறைவு பெறும்.

இப்பாட்டில் தலைவியின் மனம் அசைவதைப் பாருங்கள். "எவரும் இல்லை" என்று உறுதியாகத் தொடங்குகிறாள். அடுத்து, "பொய்யாக்கிவிட்டால்" என்கிறாள். இது நிபந்தனைச் சொல். அவன் பொய்த்துவிட்டான் என்று அவள் சொல்லவில்லை. ஆகையால், "தலைவன் ஏமாற்றியதால் தலைவி புலம்புகிறாள்" என்று எழுதுவது பிழை. என் வகுப்பில் பலரும் அப்படித்தான் எழுதியிருந்தனர். நிகழ்ந்துவிட்ட இழப்புக்கு அழுவது வேறு. நிகழக்கூடும் என்று அஞ்சுவது வேறு. இவளுடையது பின்னது. எட்டனுள் இதற்கு அருகில் நிற்பது அச்சம்.

ஆனால் அச்சத்தோடு பாட்டு முடியவில்லை. "நான் என்ன செய்வேன்" என்று கேட்ட பிறகுதான் குருகு அவள் நினைவுக்கு வருகிறது. 'குருகும்' என்பதிலுள்ள 'உம்' என்னும் சிறிய இடைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். எவரும் இல்லை என்று தொடங்கியவள், துழாவித் துழாவி, "ஆம், ஒரு குருகும் இருந்ததே" என்று ஒன்றைப் பற்றிக்கொள்கிறாள். நீரில் விழுந்தவன் துரும்பைப் பற்றுவது போன்றது அது. எனவே மனநிலை பற்றிய விடையை ஒரு சொல்லாக அல்லாமல் ஓர் அசைவாக எழுத வேண்டும்: தனிமையில் தொடங்கி, அச்சத்தில் ஏறி, பயன்படாத ஒரு பிடிமானத்தில் வந்து நிற்கிறது.

படிமம்

உவமையணி என்று பெயர் சொல்லிவிட்டால் படிமம் விளங்கிவிடாது. தினைத்தாள் உவமை, குருகின் காலைக் காட்டும் ஒரு பகுதிதான். காண வேண்டிய படிமம் முழுக் காட்சி: ஓடும் நீர், அதில் அசையாமல் நிற்கும் பறவை, நீருக்குள் பதிந்த அதன் பார்வை.

ஆரல் என்பது பாம்பு போல் மெலிந்து நீண்ட சிறுமீன். சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும் இயல்புடையது. அது வெளிப்படும் கணத்திற்காகக் காத்திருக்கும் பறவை, வேறெங்கும் பார்வையைத் திருப்பாது. இங்கேதான் படிமத்தின் கூர்மை இருக்கிறது. தலைவிக்குக் கிடைத்த ஒரே சாட்சிக்கு இரண்டு குறைகள்: அதற்கு வாய் இல்லை, அன்று அதன் கண்ணும் இவர்கள்மேல் இல்லை. இருந்தும் இல்லாத சாட்சி அது.

இன்னொன்றும் உண்டு. ஐந்தடிப் பாட்டில் மூன்றாம் அடி தொடங்கி ஐந்தாம் அடியின் முதற்சீர் வரை குருகுக்கே போய்விடுகிறது. தலைவனைப் பற்றி 'கள்வன்' என்ற ஒரு சொல்தான். அவன் முகமோ தோளோ பேச்சோ பாட்டில் இல்லை. பறவையின் காலின் நிறமும் பருமனும் இருக்கின்றன. அந்த நாளின் சிறு துணுக்கும் அவள் நெஞ்சை விட்டு அகலவில்லை என்பதற்கு இதுவே சான்று. நாணத்தால் அவள் கண்கள் தாழ்ந்திருந்தன, அதனால் குருகின் கால்களே அவளுக்குத் தெரிந்தன என்றும் கொள்ளலாம். ஆனால் அது நம் ஊகமே ஆதலால் 'கொள்ளலாம்' என்றே எழுத வேண்டும். மீனுக்குக் காத்த குருகு தலைவனையே குறிக்கும் என்று கொள்வாரும் உண்டு. அதனை எழுதலாம், ஆனால் குருகைத் தலைவி சாட்சியாக நினைவுகூர்கிறாள் என்ற நேர்ப்பொருளை முதலில் எழுதிவிட்டே அங்குச் செல்ல வேண்டும்.

படிமத்தைச் சரியாக விளக்கினோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. படிமத்தை மாற்றிப் பாருங்கள். குருகு இருந்த இடத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனை நிறுத்துங்கள். சாட்சிக்கு வாய் வந்துவிடுகிறது, அச்சம் போய்விடுகிறது. ஒரு பாறையை வையுங்கள். அதற்குக் கண்ணே இல்லை, ஆகவே நம்பிக்கைக்கு இடமே இல்லை. கண் இருந்தும் பாராத, உயிர் இருந்தும் பேசாத குருகுதான் இங்குப் பொருந்துகிறது. நீங்கள் எழுதிய விளக்கம் சிறுவனுக்கும் பாறைக்கும் பொருந்துமானால், நீங்கள் இன்னும் குருகை விளக்கவில்லை என்று பொருள்.

மையக்கருத்து

வினாத்தாளில் முதலில் நிற்பது இது. விடை காண்பதில் இதுவே கடைசி. இங்கே சொல்லால் வரும் ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். இன்று மையக்கருத்தைக் 'கருப்பொருள்' என்றும் சிலர் சொல்கின்றனர். அகப்பொருள் இலக்கணத்திலோ கருப்பொருள் என்பது பறவை, விலங்கு, மரம், உணவு முதலியவற்றைக் குறிக்கும். அந்த முறையில் இப்பாட்டின் குருகு கருப்பொருள், மையக்கருத்து அன்று. வினா எந்தப் பொருளில் கேட்கிறது என்று தெளிந்துகொண்டு எழுதுக.

நான் எழுதிய "பொய் சொல்லுதல் ஆகாது" என்பது அறிவுரை. தலைவி எவருக்கும் அறிவுரை கூறவில்லை. மையக்கருத்தை எழுதியபின், பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் பழைய விடையில் குருகுக்கு இடமே இல்லை. பாதிப் பாட்டு வெளியே நிற்கிறது. அதுவே அவ்விடை பொருந்தாது என்பதற்கு அடையாளம்.

இனி மூன்று விடைகளையும் இப்படி எழுதலாம்.

மையக்கருத்து: ஊரறியாத காதலில், தன் வாழ்வு முழுவதையும் ஒருவனின் சொல்லுக்கே விட்டுவிட்ட பெண்ணுக்கு, அச்சொல் தவறினால் எடுத்துரைக்கச் சான்று எதுவும் இல்லை.

படிமம்: ஆரல் மீனையே நோக்கி நிற்கும் குருகு, அருகிலிருந்தும் காணாத, கண்டிருப்பினும் பேசாத சாட்சி, தலைவியின் துணையற்ற நிலையை அது காட்சியாக்குகிறது.

மனநிலை: திருமணம் தள்ளிப்போவதால் எழுந்த அச்சம். "பொய்யாக்கிவிட்டால்" என்ற நிபந்தனையிலும், "குருகும்" என்ற உம்மையிலும் அது வெளிப்படுகிறது.

இவ்விடைகளை ஆசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இப்போது அந்தப் பெண் பேசுவது உனக்குக் கேட்கிறதல்லவா?" என்றார். கேட்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒருத்தியின் அச்சத்தை, மூன்று மதிப்பெண் வாங்கிய அந்தத் தாளில் நான் கபிலரின் வருத்தம் என்று எழுதி மூடிவைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்கக் குருகுக்குத்தான் நேரமில்லை, நமக்கு இருக்கிறது.