பட்டுத்தறியை எல்லாருக்கும் காட்டும் ஒரு நிமிட வீடியோ: முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். அவற்றைத் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்க்கிறார்கள். ஒரு நெசவாளர் இதை ஒரு நிமிட வீடியோவாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் அது புரிய வேண்டும்.

படி 1: பார்ப்பதைப் பேச்சில் சொல்லுங்கள்

"இதோ இந்தக் கரையைப் பாருங்க, இது இப்படி வந்து சேரும்" என்றால், பார்க்க முடியாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. "இது, இங்கே, இப்படி" வரும் இடமெல்லாம் நிறம், ஆள், அசைவு ஆகியவற்றைச் சொல்லுங்கள்:

"அரக்குச் சிவப்பு உடல். இருபுறமும் கிளிப்பச்சைக் கரை. நெசவாளர் நடு நாடாவை எறிகிறார். வலப்பக்கம் அமர்ந்தவர் கரை நாடாவை எறிகிறார்."

இப்படிச் சொன்னால் காட்சி விளக்கத்துக்குத் தனி ஒலி தேவைப்படாது.

படி 2: தறியை விட்டுத் தள்ளி நின்று பேசுங்கள்

தறி ஓடும்போதே பேசினால் சொற்கள் தெளிவாகக் கேட்காது. குரலைத் தனியாக, அமைதியான அறையில் பதியுங்கள். நிமிடத்துக்கு 90 சொல் அளவில் பேசினால் நிதானமாக இருக்கும். மேலே உள்ள 15 சொல்லுக்கு 10 விநாடி. காட்சி 6 விநாடிதான் என்றால் காட்சியை நீட்டுங்கள், பேச்சை விரட்டாதீர்கள். பேச்சில்லாத இடத்தில் மட்டும் தறிச் சத்தத்தை உயர்த்துங்கள்.

படி 3: எழுத்தைப் பேச்சோடு பொருத்துங்கள்

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டுங்கள். சப்டைட்டில் கோப்பு இப்படி இருக்கும்:

```
1
00:00:01,000 --> 00:00:04,000
[தறிச் சத்தம்]

2
00:00:04,000 --> 00:00:08,000
அரக்குச் சிவப்பு உடல்.
இருபுறமும் கிளிப்பச்சைக் கரை.

3
00:00:08,000 --> 00:00:10,700
நெசவாளர் நடு நாடாவை எறிகிறார்.

4
00:00:10,700 --> 00:00:14,000
வலப்பக்கம் அமர்ந்தவர்
கரை நாடாவை எறிகிறார்.
```

தானியங்கி எழுத்தை அப்படியே விடாதீர்கள். "கோர்வை" கோவையாகவும், முந்தியை இணைக்கும் "பேட்னி" பேட்டியாகவும் மாறிவிடலாம்.

ஜரிகையின் மேல் வெள்ளை எழுத்து தெரியாது. பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். செல்போனில் திரையின் அடிப்பகுதியைப் பெயரும் பொத்தான்களும் மறைக்கும், எழுத்தைச் சற்று மேலே ஏற்றுங்கள்.

படி 4: இரண்டு முறை சோதியுங்கள்

நெசவு வேலை தெரியாத ஒருவரிடம் படத்தை மறைத்து, ஒலியை மட்டும் கொடுங்கள். கரை என்ன நிறம், யார் எறிகிறார் என்று கேளுங்கள். இன்னொருவரிடம் ஒலியை அணைத்துக் காட்டி அதையே கேளுங்கள். முதலாமவர் தடுமாறினால் பேச்சைத் திருத்துங்கள். இரண்டாமவர் வரியைப் படித்து முடிக்குமுன் அது மறைந்தால், சொல்லைக் குறையுங்கள் அல்லது நேரத்தைக் கூட்டுங்கள்.

பார்வையற்ற ஒருவரும் காது கேளாத ஒருவரும் சரி சொன்ன பிறகே வெளியிடுங்கள்.