புதுப்பிக்க மறுக்கும் கடிதத்தை எழுதுவது எப்படி?

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்த தீவிபத்துக் காப்பீடு மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது. செம்பூரிலுள்ள காப்பீட்டுக் கிளை அதைப் புதுப்பிக்கப் போவதில்லை. முதலாளிக்கு என்ன எழுதுவது?

இந்தக் கடிதத்தை அவர் மட்டும் படிக்கப் போவதில்லை. ‘முன்பு எந்த நிறுவனமாவது புதுப்பிக்க மறுத்ததா?’ என்ற கேள்வி அடுத்த நிறுவனத்தின் விண்ணப்பத்தில் வழக்கமாக இருக்கும். அவர் இதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

1. நாளைக் கணக்கிடுங்கள். ஜனவரி முடிவதற்குள் கடிதம் அவர் கைக்குப் போகட்டும். புதிய நிறுவனம் பட்டறையைப் பார்வையிட்டு பிரீமியம் சொல்ல வாரக்கணக்கில் ஆகும். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் காப்பீடு தொடங்காது.

2. கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘உங்கள் தொழில் ஆபத்தானது’, ‘தாராவி என்பதால்’ போன்ற வரிகள் வேண்டாம். முதலாளியால் சரிசெய்ய முடியாத காரணம் அவருக்கு உதவாது. இப்படி எழுதலாம்:

“டிசம்பர் 12 அன்று எங்கள் சர்வேயர் பார்வையிட்டபோது, பசை டின்கள் தையல் மெஷின்களுக்கு அருகே திறந்திருந்தன, மாடிக்குச் செல்லும் ஒயர் மூடப்படாமல் இருந்தது. படங்கள் இணைப்பில். பிப்ரவரி 28-க்குள் சரிசெய்து தெரிவித்தால் மறுபடி பார்வையிட்டு முடிவைப் பரிசீலிப்போம்.”

வாடிக்கையாளர் வழக்குப் போட்டதைக் காரணமாக்கவே கூடாது. பிமன் கிருஷ்ண போஸ் என்பவரின் மருத்துவக் காப்பீட்டை, முந்தைய வழக்கைக் காட்டி யுனைடெட் இந்தியா நிறுவனம் புதுப்பிக்க மறுத்தது. அது நியாயமற்றது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அது தனிநபர் பாலிசி, நிறுவனமும் அரசுடையது. ஆனாலும் கடிதம் எழுதும் எவருக்கும் அது எச்சரிக்கை.

3. எதுவரை பாதுகாப்பு என்று சொல்லுங்கள். ‘ரத்து’ என்ற சொல் வேண்டாம். ரத்து என்றால் பாலிசி நடுவிலேயே முடிந்துவிடும். இங்கே அது மார்ச் 31 நள்ளிரவு வரை செல்லும். அதற்குள் தீ பிடித்தால் நிபந்தனைகளின்படி க்ளெய்ம் கேட்கலாம் என்று தெளிவாக எழுதுங்கள்.

4. இணைப்புகளை மறக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டு க்ளெய்ம் விவரம் அவசியம். அடுத்த நிறுவனம் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கும். மாட்டுங்காவில் ஒரு வங்கி கடன் கொடுத்து, அதன் பெயரும் பாலிசியில் இருந்தால் அதற்கும் நகல் போக வேண்டும். கடன் நிபந்தனைப்படி சரக்குக்குக் காப்பீடு இருந்தாக வேண்டுமே! குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரியையும் சேருங்கள்.

5. கையெழுத்து வாங்குங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நேரிலும் ஒரு பிரதி கொடுத்து தேதியுடன் ஒப்புதல் பெறுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் விஷயத்தைத் தமிழிலோ இந்தியிலோ விளக்குங்கள்.

மார்ச் மூன்றாம் வாரத்திலும் வேறு காப்பீடு கிடைக்கவில்லை என்றால், குறுகிய கால நீட்டிப்பு தர முடியுமா என்று மேலிடத்தில் கேளுங்கள். தர முடிந்தால் 31-க்குள் பிரீமியத்தை வாங்கி எழுத்தில் கொடுங்கள். “பார்த்துக்கொள்ளலாம், அண்ணாச்சி” என்ற வாய்ச்சொல் காப்பீடு ஆகாது.