அட்சதை விழும் நொடியில் படம் ஏன் குழைகிறது?
கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது எதைத் தேர்ந்தெடுப்பது: ஒரு வழிகாட்டி

கெட்டிமேளம் முழங்குகிறது, மண்டபமே எழுந்து நின்று அட்சதை தூவுகிறது. கேமராவின் மூலக் கோப்பில் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரிகிறது. அதையே எடிட் செய்து, பென்டிரைவில் போட்டு, டிவியில் ஓட்டினால் அந்த இரண்டு மூன்று நொடிகளுக்கு மட்டும் மணமக்களின் முகம் மெழுகிவிட்டது போல் ஆகிறது. ஜரிகையின் வேலைப்பாடு மறைந்து ஒரே மஞ்சள் பட்டையாகிறது. பின்னாலிருக்கும் பூ அலங்காரம் கட்டம் கட்டமாக உடைகிறது. அட்சதை ஓய்ந்ததும் படம் மறுபடி தெளிகிறது. இது கேமராவின் குறையோ லென்ஸின் குறையோ அல்ல. எக்ஸ்போர்ட்டில் கொடுத்த பிட்ரேட் அந்த நொடிகளுக்குப் போதவில்லை.

இரண்டு மணி நேரம் ஓடும், 1920x1080 அளவுள்ள, நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட ஒரு கல்யாண வீடியோவை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஒரு கட்டத்துக்குப் பத்து பிட்

சுருக்காமல் சேமித்தால் இந்த வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 622 மெகாபிட் தேவை. 2 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால், முந்நூறில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. H.264 முறை ஒவ்வொரு ஃபிரேமையும் 16x16 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080 படத்தில் அப்படி 8160 கட்டங்கள். 2 மெகாபிட்டை 25 ஃபிரேமுக்கும், பிறகு 8160 கட்டங்களுக்கும் பங்கிட்டால், 256 பிக்சல் உள்ள ஒரு கட்டத்துக்குச் சராசரியாகப் பத்து பிட்தான் கிடைக்கும். 8 மெகாபிட் கொடுத்தால் ஏறக்குறைய நாற்பது.

பத்து பிட்டில் எப்படிப் படம் வருகிறது? பெரும்பாலான கட்டங்கள் முந்தைய ஃபிரேமில் இருந்தபடியே இருக்கின்றன, அல்லது சற்று நகர்ந்திருக்கின்றன. மேடையின் பின்திரை அசையாதவரை அதற்கு ஏறக்குறைய எதுவும் செலவில்லை. மிச்சமாகும் பிட்கள் அசையும் முகத்துக்கும் கைக்கும் போகின்றன. அட்சதை இந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. ஒவ்வொரு மணியும் தன் போக்கில் பறப்பதால் முந்தைய ஃபிரேமிலிருந்து எதையும் ஊகிக்க முடிவதில்லை. எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் பிட் கேட்கின்றன. ஹோமப் புகை, ஃபிளாஷ் வெளிச்சம், மினுக்கும் சீரியல் பல்புகள் ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான்.

பிட் பற்றாதபோது என்கோடர் துல்லியத்தைக் குறைக்கிறது. ஒரு கட்டத்தின் வெளிச்ச வேறுபாடுகளை அது எண்களாக மாற்றி வைத்திருக்கும். பரந்த நிற மாற்றங்களுக்குப் பெரிய எண்கள்; ஜரிகை இழை, தோலின் நுண்ணிய கோடுகள், மல்லிகை இதழ் போன்ற நுட்பங்களுக்குச் சிறிய எண்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கும்போது சிறிய எண்கள் சுழியமாகின்றன. நுட்பம் அங்கேயே தொலைகிறது. அதன்பின் கட்டங்களின் விளிம்பு தெரியாதிருக்க ஒரு வடிகட்டி அவற்றின் ஓரங்களை மழுக்குகிறது. அதனால்தான் குறைந்த பிட்ரேட்டில் படம் முதலில் குழைகிறது. அதையும் தாண்டினால்தான் கட்டங்களாக உடைகிறது.

தொலைந்த நுட்பம் திரும்பாது. 2 மெகாபிட் கோப்பை 20 மெகாபிட்டில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் கோப்புதான் பெரிதாகும். முதல் சுருக்கத்தில் வந்த குழைவையும் கட்ட ஓரங்களையும் இரண்டாவது என்கோடர் படத்தின் பகுதியாகவே எண்ணி, அவற்றுக்கும் பிட் செலவழிக்கும். ஆகவே எந்தப் பிரதியையும் எடிட்டிங் புராஜெக்டிலிருந்தோ மாஸ்டர் கோப்பிலிருந்தோ எடுக்க வேண்டும். ஏற்கெனவே சுருக்கிக் கொடுத்த பிரதியிலிருந்து எடுக்கக் கூடாது.

அளவு கட்டாயமா, தரம் கட்டாயமா?

எக்ஸ்போர்ட் பெட்டியில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான்.

நிலையான பிட்ரேட் (CBR) எல்லா நொடிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பிட் தருகிறது. வரவேற்பு வரிசையில் அசையாமல் நிற்கும் கூட்டத்துக்கும் அட்சதைக்கும் ஒரே பங்கு. நேரலைக்கு இது தேவை. கோப்பாகக் கொடுக்கப்போகும் வீடியோவுக்கு வேண்டாம்.

தரத்தைப் பிடித்துவைக்கும் முறை CRF. ஹேண்ட்பிரேக்கில் இதுவே RF என்ற நகர்த்தியாக இருக்கிறது. எளிய காட்சிக்குக் குறைவாகவும் கடினமான காட்சிக்கு நிறையவும் பிட் போகும். கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. x264 என்கோடரில் இயல்பான எண் 23. எண் குறையக் குறையத் தரம் கூடும். 6 குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். பட்டும் பூவும் நிறைந்த கல்யாண வீடியோவுக்கு 19 முதல் 21 வரை நல்ல இடம். அட்சதைக் காட்சியில் பிட்ரேட் திடீரென்று எகிறிப் பழைய டிவி திணறாமலிருக்க ஓர் உச்சவரம்பும் வைக்கலாம்.

கோப்பின் அளவு கட்டாயமென்றால் இரண்டு சுற்று முறைதான் சரி. முதல் சுற்றில் என்கோடர் முழு வீடியோவையும் பார்த்து, எங்கே கடினம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அதற்கேற்பப் பங்கிடும். ஹேண்ட்பிரேக்கில் Avg Bitrate தேர்ந்து Multi-Pass Encoding-ஐ டிக் செய்ய வேண்டும்.

நம் வீடியோவில் இந்தக் கேள்வி வரும் இடம் பென்டிரைவ். FAT32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. இரண்டு மணி நேரம் என்பது 7200 நொடி. அதை 4 ஜிபிக்குள் அடக்கினால் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 4.7 மெகாபிட்தான் மிஞ்சும். ஒலிக்கு 192 கிலோபிட்டும் கொஞ்சம் இடைவெளியும் விட்டால் படத்துக்கு 4.4 மெகாபிட். இதை இரண்டு சுற்றில் இப்படிச் செய்யலாம் (விண்டோஸில் `/dev/null` என்பதற்குப் பதில் `NUL`):

```
ffmpeg -y -i master.mov -c:v libx264 -b:v 4400k -preset slow -pix_fmt yuv420p -pass 1 -an -f null /dev/null
ffmpeg -i master.mov -c:v libx264 -b:v 4400k -preset slow -pix_fmt yuv420p -pass 2 -c:a aac -b:a 192k tv.mp4
```

ஆனால் இந்த நெருக்கடியைத் தவிர்ப்பதே மேல். டிவி ஏற்குமானால் பென்டிரைவை exFAT ஆக மாற்றுங்கள். இல்லையென்றால் வீடியோவை மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று மூன்று கோப்புகளாகப் பிரியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 8 மெகாபிட் கொடுத்தாலும் மொத்தம் 7.2 ஜிபிதான். 16 ஜிபி பென்டிரைவில் தாராளமாக இடம் இருக்கும்போது 4 ஜிபிக்குள் படத்தை நசுக்க வேண்டியதில்லை.

H.264-ஆ, H.265-ஆ?

2003-இல் வந்த H.264 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2013-இல் வந்த H.265, அதாவது HEVC, அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த பிட்டில் தரும். பிட்ரேட் குறைவாக இருக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தடை டிவிதான். 4K டிவிகள் பொதுவாக இதை ஓட்டும். பழைய ஃபுல் எச்டி டிவியில் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போகலாம். பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் என்ன டிவி என்று தெரியாதவரை H.264-இல் பிட்ரேட்டைக் கூட்டிக் கொடுப்பதே பாதுகாப்பு. இரண்டின் CRF எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது: x265-இன் இயல்பு எண் 28, x264-இன் இயல்பு எண் 23.

கிராபிக்ஸ் கார்டா, மென்பொருளா?

NVENC, Quick Sync போன்றவை மிக வேகமாக முடித்துவிடும். x264 மென்பொருள் நிதானமாகப் போய், அதே பிட்ரேட்டில் கூடுதல் நுட்பத்தைக் காப்பாற்றும். எதைத் தேர்வது என்பதைப் பிட்ரேட்டே சொல்லிவிடும். யூடியூபுக்கு 20 மெகாபிட்டில் அனுப்பும்போது இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, கார்டிலேயே முடிக்கலாம். 4.4 மெகாபிட்டுக்குள் அடக்கும்போது அட்சதைக் காட்சியில் வேறுபாடு தெரியும். அங்கே மென்பொருளும் slow என்ற preset-உம் காத்திருப்புக்குத் தகுந்தவை. அதற்குமேல் veryslow வரை போனால் நேரம் கூடும் அளவுக்குப் பலன் கூடாது.

பிட் குறைவென்றால் அளவையும் குறையுங்கள்

2 மெகாபிட்டுக்கு மேல் போகவே முடியாத நிலையில் 1080-ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1280x720 படத்தில் பிக்சல்கள் பாதிக்கும் குறைவு. ஒவ்வொன்றுக்கும் இரு மடங்குக்கு மேல் பிட் கிடைக்கும். குழைந்த 1080-ஐவிடத் தெளிவான 720 பார்க்க நன்றாக இருக்கும். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்தது என்றால் 25 ஆக்குவதும் இதேபோல் கைகொடுக்கும். நடனக் காட்சிகளில் மட்டும் அசைவின் வழவழப்பு குறையும்.

முப்பது நொடிச் சோதனை

முழு வீடியோவையும் ரெண்டர் செய்துவிட்டுத் தலையில் கைவைப்பதைவிட, அட்சதை விழும் முப்பது நொடியை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். முகூர்த்தம் 42-ஆம் நிமிடத்தில் வருகிறதென்றால்:

```
ffmpeg -ss 00:42:00 -t 30 -i master.mov -c:v libx264 -crf 20 -preset slow -maxrate 20M -bufsize 20M -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k test20.mp4
```

எண்ணை 23 ஆகவும் கோப்பின் பெயரை test23.mp4 ஆகவும் மாற்றி இன்னொன்றும் எடுங்கள். மூலக் கோப்பையும் சேர்த்து மூன்றையும் ஒரே ஃபிரேமில் நிறுத்தி, 100 சதவீத அளவில் பாருங்கள். திரைக்குள் சுருக்கிப் பார்த்தால் குழைவு மறைந்துவிடும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: நடக்கும்போது ஜரிகைக் கரை, மணப்பெண்ணின் தலையிலுள்ள மல்லிகைச் சரம், மேடைக்குப் பின்னாலுள்ள இருட்டு. பிறகு ஓடவிட்டும் பாருங்கள். 23-க்கும் மூலத்துக்கும் வேறுபாடு தெரியவில்லையென்றால் 23 போதும். இந்த முப்பது நொடியின் அளவைப் பெருக்கி முழுக் கோப்பின் அளவை ஊகிக்க வேண்டாம். மிகக் கடினமான பகுதி இதுதான் என்பதால் கணக்கு மிகையாக வரும்.

எங்கே போகிறதோ, அதற்கேற்ப

*பென்டிரைவ், டிவி:* H.264, CRF 20, preset slow, உச்சவரம்பு 20 மெகாபிட்.

*யூடியூப்:* 1080-க்கு நொடிக்கு 25 ஃபிரேமில் யூடியூப் பரிந்துரைப்பது 8 மெகாபிட். அது உங்கள் கோப்பை எப்படியும் மறுபடி சுருக்கும். ஆகவே அதைவிடக் கூட்டி, 16 முதல் 20 மெகாபிட் வரை கொடுங்கள். இரண்டாம் சுருக்கத்துக்கு நல்ல மூலம் கிடைக்கும்.

*வாட்ஸ்அப்:* வீடியோவாக அனுப்பினால் அது தானே சுருக்கும். டாகுமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். 720-இல் ஒரு சிறு துண்டு எடுத்து டாகுமெண்டாக அனுப்புங்கள்.

*வெட்டி எடுக்க மட்டும்:* நிறமோ எழுத்தோ மாற்றாமல் முடிந்த கோப்பிலிருந்து ஒரு துண்டு வேண்டுமென்றால் மறு எக்ஸ்போர்ட்டே தேவையில்லை. இந்தக் கட்டளை பிட்களை அப்படியே நகலெடுப்பதால் தரம் துளியும் குறையாது. நீங்கள் சொன்ன நொடிக்குச் சற்று முன்னால் உள்ள முழு ஃபிரேமிலிருந்து துண்டு தொடங்கக்கூடும் என்பது மட்டுமே வரம்பு.

```
ffmpeg -ss 00:42:00 -i tv.mp4 -t 60 -c copy thali.mp4
```

பிரதிகளை எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் மாஸ்டர் கோப்பை அழிக்காதீர்கள். சில வருடங்கள் கழித்து அந்த வீட்டார் புதிய டிவிக்கு ஏற்ற பிரதி கேட்டு வந்தால், தெளிவான அட்சதைக் காட்சியை அதிலிருந்து மட்டுமே எடுக்க முடியும்.