913 என்பது பழுதல்ல

வீட்டில் சிறு வானிலை நிலையம் அமைப்போரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மேட்டுநிலத்து ஊர்களில் காற்றழுத்த உணரி நூறு அளவுக்குக் குறைத்துக் காட்டுவது அதன் பழுதால்தான் என்பதும், வானிலைச் செய்தியில் வரும் எண்ணுக்கும் உணரி காட்டும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை கணக்கிட்டு நிரந்தரமாகக் கூட்டிவிட்டால் அந்தப் பழுது தீர்ந்துவிடும் என்பதும் அந்த நம்பிக்கையின் இரு பகுதிகள். இவற்றுள் முற்பகுதி முழுத் தவறு. பிற்பகுதி கடற்கரை ஊர்களில் மட்டும் செல்லும் உண்மை; அதை ஓசூருக்கும் ஏற்காட்டுக்கும் எடுத்துச் சென்று, நல்ல உணரிகளைப் பழுதென்று ஒதுக்குவதும், ஒதுக்காதபோது அவற்றின் அளவுகளைக் கெடுப்பதும் எத்தனை முறை விளக்கியும் நின்றபாடில்லை.

காற்றழுத்தம் என்பது ஓர் இடத்துக்கு மேலே நிற்கும் காற்றின் எடை அந்த இடத்தின்மீது செலுத்தும் அழுத்தமே. அதை அளக்கும் அலகு ஹெக்டோபாஸ்கல், பழைய கருவிகளில் மில்லிபார் என எழுதப்பட்டிருப்பதும் இதே அளவுதான். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் வீடு ஒன்றில் பிஎம்பி280 போன்ற உணரி 913 என்று காட்டினால், அந்த வீட்டின் மேல் உண்மையிலேயே அவ்வளவு காற்றுதான் நிற்கிறது என்று பொருள். இவ்வாறு அளந்தபடியே கிடைக்கும் எண்ணுக்கு நிலைய அழுத்தம் என்று பெயர். வானிலைச் செய்தியில் வரும் 1010, 1012 போன்ற எண்களோ எங்கும் அளக்கப்பட்டவை அல்ல, கணக்கிடப்பட்டவை. ஓசூரின் தரையைக் கடல்மட்டம் வரை தோண்டி, அந்தக் குழியைக் காற்றால் நிரப்பினால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று கற்பித்துப் பெறும் எண் அது. உயரம் வேறுபட்ட ஊர்களின் நிலைய அழுத்தத்தை அப்படியே வரைபடத்தில் குறித்தால் தெரிவது மலைகளின் இருப்பிடமே அன்றிப் புயலின் இருப்பிடமாக இராது என்பதால்தான் இந்தக் கற்பனைக்கு வானிலையியலில் இடம் தரப்பட்டது. மற்றபடி, ஓசூரில் 1012 ஹெக்டோபாஸ்கல் காற்றை எவரும் மூச்சில் வாங்கியதில்லை.

இனி, அந்த நிரந்தரக் கூட்டலுக்கு வரலாம். கற்பனைக் குழியில் நிரப்பப்படும் காற்று குளிர்ந்ததாயின் அடர்த்தி மிகுந்து எடை கூடும், சூடானதாயின் எடை குறையும்; ஆகவே கூட்டவேண்டிய அளவு உயரத்தை மட்டும் அன்றி வெப்பநிலையையும் பொறுத்தது. உயரம் 900 மீட்டர், நிலைய அழுத்தம் 913 ஹெக்டோபாஸ்கல் என்றே வைத்துக்கொண்டு, வெளிக்காற்றின் வெப்பநிலையை மட்டும் மாற்றிக் கணக்கிட்டால் இது விளங்கும். பிற்பகலில் 30 டிகிரி செல்சியஸ் இருக்கையில் கடல்மட்ட அழுத்தம் 1009.5 என வருகிறது. விடியற்காலையில் 16 டிகிரி இருக்கையில் அதுவே 1014.4 ஆகிறது. முதல் நிலையில் கூட்டவேண்டியது 96.5, இரண்டாவதில் 101.4. ஏதோ ஒரு நாள் மாலையில் வேறுபாட்டைப் பார்த்து 98 என்று எழுதிப் பூட்டிவிடுபவர், எந்த நேரத்தில் ஒப்பிட்டாரோ அந்த நேரத்தின் வெப்பநிலையையே ஆண்டு முழுமைக்கும் சட்டமாக்கிவிடுகிறார். பருவமழைக் காலத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நெருங்கிவரும் நாளில்கூட 24 மணி நேரத்து மாற்றம் பெரும்பாலும் சில ஹெக்டோபாஸ்கல்தான் என்பதை எண்ணினால், ஐந்து ஹெக்டோபாஸ்கல் பிழை எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

அப்படியானால் கணக்கில் எந்த வெப்பநிலையைக் கொள்வது என்னும் கேள்வி எழுகிறது. அந்தந்த நொடியின் வெப்பநிலையைக் கொண்டால், பகலில் தரை சூடாவதும் இரவில் குளிர்வதும் கடல்மட்ட எண்ணில் பொய்யான ஏற்ற இறக்கமாகப் புகுந்துவிடும். தரையை ஒட்டிய காற்று அவ்வாறு துள்ளினாலும் முழுக் காற்றுத்தம்பமும் உடன் துள்ளுவதில்லை. எனவே இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தைய வெப்பநிலையையும் கூட்டிப் பாதியாக்கிக் கொள்வது வானிலை நிலையங்களில் நெடுங்காலமாகக் கையாளப்படும் வழி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அந்தச் சராசரி 23 டிகிரி, விடை 1011.9. கீழே உள்ள இரு வரிகளில் `T12` அந்தச் சராசரியையும், `h` மீட்டரில் உயரத்தையும், `p` நிலைய அழுத்தத்தையும் குறிக்கும்; உயரத்தின் பாதியை 0.0065 ஆல் பெருக்கிக் கூட்டுவது, கற்பனைத் தம்பத்தின் நடுப்பகுதி நிலையத்தைவிடச் சற்று வெப்பமாக இருக்கும் என்பதற்காக.

```
float Tm = 273.15 + T12 + 0.0065 * h / 2;
float p0 = p * exp(9.80665 * h / (287.05 * Tm));
```

காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்தால் ஓசூர் உயரத்தில் விடை ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை குறையும். வீட்டு நிலையத்துக்கு அதை விட்டுவிடலாம். விடக்கூடாதது வேறொன்று: வெப்பநிலையை நிழலில் வைத்த வெளி வெப்பமானியிலிருந்தே எடுக்கவேண்டும், அழுத்த உணரி தானே தரும் வெப்பநிலை அருகிலுள்ள மின்சுற்றின் சூட்டையும் சேர்த்துக் காட்டுவது.

கடற்கரையில் நிரந்தரக் கூட்டல் ஏன் செல்லுகிறது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். சென்னையில் 10 மீட்டர் உயரத்து வீட்டில் கூட்டவேண்டியது 1.15 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே. வெப்பநிலை 14 டிகிரி மாறினாலும் அது 0.05 அளவே அசையும். அங்கே பலித்த குறுக்குவழியை உயரம் பாராமல் எங்கும் பரப்பியதுதான் குற்றம்.

உணரியில் பிழையே இராது என்பதும் இதன் பொருள் அன்று. பிஎம்பி280 உணரியின் தயாரிப்புக் குறிப்பேடே அதன் அளவு பொதுவாக 1 ஹெக்டோபாஸ்கல் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும், பலகையில் பற்றவைக்கும்போது 2 வரை விலகலாம் என்றும், ஓராண்டில் இன்னும் 1 நகரலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. எது உணரியின் பிழை, எது கணக்கின் பிழை என்பதைப் பிரித்தறியும் வழி எளிது. அருகிலுள்ள நம்பகமான நிலையம் ஒன்றின் கடல்மட்ட அளவோடு, காற்று அடங்கிய நாட்களில் காலையும் பிற்பகலும் இரவும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வேறுபாடு எந்நேரமும் ஒரேயளவாக ஒன்றோ இரண்டோ எனில் அது உணரியுடையது, அதை மட்டுமே நிரந்தரமாகத் திருத்தலாம். வெயிலோடு கூடிக்குறைந்தால் அது வெப்பநிலைக் கணக்கின் கோளாறு. ஐந்து, பத்து என்று பெரிதாகவும் நிலையாகவும் இருந்தால் உயரம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

உயரம் என்றதும் அடுத்த கட்டுக்கதை முளைக்கிறது: உணரி தன் உயரத்தைத் தானே அறியுமாம். உணரி அறிவது அழுத்தம் ஒன்றையே, கடல்மட்டத்தில் 1013.25 இருப்பதாக வைத்துக்கொண்டால் இந்த அழுத்தம் எந்த உயரத்துக்குப் பொருந்தும் என்று நிரல் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். அந்த உயரத்தையே எடுத்துக் கடல்மட்ட அழுத்தத்தைக் காண முற்படும் நிரல்கள் இன்றும் கைமாறி வருகின்றன.

```
float h  = bmp.readAltitude(1013.25);
float p0 = bmp.seaLevelForAltitude(h, p);
```

இட்ட 1013.25 தான் இதில் திரும்பி வரும். வெளியே புயல் வீசினாலும் திரை 1013 என்றே காட்டும். பயன்படுத்துபவரோ கருவி மிகத் துல்லியமாக இருப்பதாக மகிழ்வார். உயரத்தைச் சரியாகக் கொடுத்தாலும் `seaLevelForAltitude` என்னும் அந்தக் கட்டளை கடல்மட்டத்தில் எப்போதும் 15 டிகிரி என்று கொள்ளும் விமானத்துறைச் சூத்திரத்தையே பயன்படுத்துவதால், ஓசூர் எடுத்துக்காட்டில் அது 1016.9 என்று தரும். விமானியின் உயரமானிக்கு ஏற்ற அந்த எண், வானிலை வரைபடத்துக்கு ஐந்து ஹெக்டோபாஸ்கல் அதிகம்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் உயரமும் ஆராயாமல் கொள்ளத்தக்கது அன்று. செயற்கைக்கோள் கணக்கு புவியை ஒரு சீரான நீள்கோள வடிவமாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. உலகிலேயே ஈர்ப்புப் பள்ளம் மிகுந்த பகுதி இந்தியாவுக்குத் தெற்கே இருப்பதால், தமிழ்நாட்டில் உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இதைத் திருத்திக் காட்டும் செயலிகளும் உண்டு, திருத்தாதவையும் உண்டு; கடற்கரை மணலில் நின்று பார்க்கையில் உயரம் மைனஸ் 90 என்று காட்டினால் அந்தச் செயலி திருத்தாதது. ஓசூர் உயரத்தில் ஒன்பதரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்ற கணக்கில் இந்தப் பிழை பத்து ஹெக்டோபாஸ்கலை நெருங்கும். இதைவிட நம்பத்தக்கது ஊரின் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரம். அங்கிருந்து வீட்டுக்கு உள்ள ஏற்ற இறக்கத்தை, அதே உணரியைக் கையில் எடுத்துச் சென்று சில நிமிட இடைவெளியில் இரு இடத்திலும் அளந்தே கண்டுவிடலாம்.

பிற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை. உணரியை மழைபடும் வெளியில்தான் வைக்கவேண்டும் என்பது தவறு. சாதாரண வீட்டுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றே, உள்ளே வைத்தால் உணரி நெடுநாள் வாழும். திரையில் இரண்டு தசமம் தெரிவதால் அளவு அவ்வளவு துல்லியம் என்பது வெறும் மயக்கம். காலை பத்து மணிக்கு மேல் அழுத்தம் இறங்கினால் மழை வரும் என்பது ஐரோப்பியச் சுவர்க் காற்றழுத்தமானிகளின் முகப்பு எழுத்திலிருந்து வந்த பாடம். தென்னிந்தியாவில் அழுத்தம் ஒவ்வொரு நாளும் காலையும் இரவும் பத்து மணியளவில் உச்சத்தையும், நான்கு மணியளவில் தாழ்வையும் அடைகிறது. பகலில் மட்டும் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும், வானம் தெளிவாக இருக்கும்போதும். எனவே முந்தைய நாளின் அதே மணிநேர அளவோடு ஒப்பிடுவதே பொருளுடையது.

கடல்மட்டக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. 2240 மீட்டர் உயரத்து உதகமண்டலத்தில் வெப்பநிலை 10 டிகிரி தவறினால் விடை 9 ஹெக்டோபாஸ்கல் தவறும்; அதனால்தான் உயரமான நிலையங்கள் கடல்மட்ட எண்ணைத் தராமல், 850 அல்லது 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் எந்த உயரத்தில் அமைகிறது என்பதை அறிவிக்கும் முறை உலக வானிலைக் குறியீட்டில் இருக்கிறது. மலையூர்களில் வீட்டு நிலையம் வைத்திருப்போர் கடல்மட்ட எண்ணைத் துரத்துவதை விடுத்து, நிலைய அழுத்தத்தின் நாள்தோறுமான மாற்றத்தையே பார்ப்பது மேல்.

எந்த ஊரானாலும், சேமிப்புக் கோப்பில் திருத்திய எண்ணை மட்டும் எழுதி, அளந்த எண்ணை அழித்துவிடும் பழக்கம் ஒழியவேண்டும். இன்றைய சூத்திரம் பிழையென்று நாளை தெரிந்தால், நிலைய அழுத்தமும் வெளி வெப்பநிலையும் கையில் இருக்கையில் ஐந்தாண்டுப் பதிவையும் ஒரே மாலையில் மறுபடி கணக்கிடலாம். அவை இல்லையெனில் அந்த ஐந்தாண்டும் வீண். நிலையம் வைத்திருப்போர் இன்றே தம் கோப்பைத் திறந்து, அளந்தபடியே உள்ள அழுத்தத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி, உணரியின் உயரத்தையும், அதற்குத் தந்த திருத்தத்தையும், அதை ஒப்பிட்ட தேதியையும் தலைப்பில் எழுதிவைக்கட்டும்.