வராத 12 பேரை என்ன செய்வது?



படிவம் 3 மாணவர்கள் 40 பேருக்கு நாம் இலவசக் கணித வகுப்பு நடத்தினோம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொரு சோதனை. முதல் சோதனையை 40 பேரும் எழுதினார்கள், சராசரி 51.2 புள்ளி. இரண்டாவதை எழுதியவர்கள் 28 பேர்தான்; சராசரி 61.

“அண்ணே, பத்துப் புள்ளி ஏறிடுச்சு! வராதவங்கள விட்டுடலாம்தானே?” என்று கணக்குப் பார்க்கும் தம்பி கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்க. வராதவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். முதல் சோதனையில் அந்த 12 பேரின் சராசரி 40. வந்த 28 பேரின் சராசரி 56. பின்தங்கிய பிள்ளைகள்தான் அதிகம் நின்றுவிட்டார்கள். ஆகவே, வந்தவர்களை அவர்களோடேயே ஒப்பிட வேண்டும்: 56இலிருந்து 61. ஏற்றம் 5 புள்ளிதான். அதுவும் அந்த 28 பேருக்கு மட்டுமே பொருந்தும். 40 பேருக்கும் என்று சொல்ல முடியாது.

“அப்போ காலி இடத்துல எல்லாம் 61ஐப் போட்டு நிரப்பிடலாமா?”

அது இன்னும் மோசம். வகுப்பை விட்டுப் போனவர்கள் 40இலிருந்து 61க்குத் தாவினார்கள் என்று நாமே எழுதுவதாகிவிடும். 12 பேருக்கும் ஒரே புள்ளி என்பதால் மாணவர்களுக்கிடையே உள்ள வேறுபாடும் குறைந்து, முடிவு உண்மையைவிட உறுதியாகத் தெரியும்.

இதைவிட நல்ல வழி, முதல் சோதனையில் அதே அளவு புள்ளி எடுத்து, இரண்டாவதையும் எழுதியவர்களைப் பார்த்து நிரப்புவது. ஒரு தடவை மட்டுமல்ல, சற்று ஏற்ற இறக்கத்தோடு பல தடவை நிரப்பி, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் ‘பாடம் புரியவில்லை’ என்றே ஒருவர் நின்றிருந்தால், அதே புள்ளி எடுத்துத் தொடர்ந்து வந்தவர் அவருக்கு ஈடாகமாட்டார். காரணத்தை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக, மோசமான நிலையையும் போட்டுப் பாருங்கள். 12 பேரும் 40இலேயே நின்றிருந்தால் மொத்தச் சராசரி 54.7, ஏற்றம் 3.5. அவர்கள் 35க்கு இறங்கியிருந்தால் 53.2, ஏற்றம் 2. அப்போதும் சராசரி ஏறியிருக்கிறது. ஆனால் ‘பத்து’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

அப்படியென்றால் நீக்குவதே தவறா? இல்லை. 12 விடைத்தாள்கள் மழையில் நனைந்து அழிந்திருந்தால், அதற்கும் மாணவரின் திறமைக்கும் சம்பந்தமில்லை. அப்போது நீக்கினால் ஆள் எண்ணிக்கை குறையுமே தவிர, முடிவு ஒரு பக்கம் சாயாது. தரவு ஏன் விடுபட்டது என்பதை வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை 1976இல் புள்ளியியலாளர் டோனல்ட் ரூபின் தெளிவாக வகுத்துக் காட்டினார்.

இனி ஓர் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால், எத்தனை பேர் விடுபட்டார்கள், அவர்கள் மற்றவர்களைப் போன்றவர்களா, வேறு விதமாக நிரப்பினாலும் முடிவு நிற்கிறதா என்று தேடுங்கள். இந்த மூன்றும் இல்லாத அறிக்கையில் ‘பத்துப் புள்ளி ஏற்றம்’ என்றிருந்தால், வராத 12 பேரைப் பற்றிக் கேளுங்கள்.